உங்களுக்குத் தெரியுமா? பதினொன்றுக்குப் பதில் இரண்டு
நியூ ஜெர்சியைச் சேர்ந்த பெல் ஆய்வகம் 1954-இல் கட்டிய டிராடிக் கணினியில் டிரான்சிஸ்டர்கள் சில நூறுதான், டயோடுகளோ ஆயிரக்கணக்கில். அண்ட், ஆர் இரண்டையும் டயோடே செய்துவிடும். அப்படியானால் டிரான்சிஸ்டர் எதற்கு? 1-ஐ 0 ஆகப் புரட்டும் நாட் வேலை டயோடுக்கு வராது. அதோடு, சிலிக்கான் டயோடு ஒவ்வொன்றிலும் சுமார் 0.7 வோல்ட் போய்விடுவதால், சில படிகளிலேயே 1 எது, 0 எது என்று குழம்பிவிடும்.

தேர்வுத்தாளில் வரும் A'B + AB + AB' கோவையை அப்படியே கட்டினால், மின்தடைகள் நீங்கலாக, 9 டயோடு, 2 டிரான்சிஸ்டர் வேண்டும். AB-ஐ இருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். பூலியன் கணக்கில் அது தப்பில்லை. A'B + AB என்பது B. AB + AB' என்பது A. விடை A + B: இரண்டே டயோடு. இந்தச் சேர்க்கைகளைக் கட்டம் போட்டுக் கண்ணாலேயே பிடிக்கும் வரைபடத்தை 1953-இல் வெளியிட்ட மாரிஸ் கார்னாவும் பெல் ஆய்வகத்துக்காரர்தான்.