மௌனம் எங்கே தொடங்குகிறது?

பில்லிங் மென்பொருளைத் திறந்தால் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்கிறது. உடனே அலுவலகத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். சர்வர் படுத்துவிட்டது என்பார் ஒருவர். ஃபயர்வால்தான் மறிக்கிறது என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது சரியென்றால் யாராவது எழுந்துபோய் மின்சாரத்தையும் கேபிளையும் பார்க்க வேண்டும். இரண்டாமவர் சொல்வது சரியென்றால் அந்த நடை வீண். ஃபயர்வாலில் ஒரு விதியை மாற்றினால் போதும்.

பலரும் முதலில் பிங் அடித்துப் பார்ப்பார்கள். பிங்குக்குப் பதில் வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, ஏனென்றால் பிங்கையே மறிக்கும் ஃபயர்வால்கள் ஏராளம். அந்த நிலையில் உதவுவது வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் எத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006இல் இந்தப் பெயருக்கு மாறிய இலவச மென்பொருள் இது. கணினிக்கு வரும், கணினியிலிருந்து போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நேரத்தோடு வரிசையாகக் காட்டும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நம் கணினியின் முகவரி 192.168.1.20. சர்வரின் முகவரி 192.168.1.50. அதில் தரவுத்தளம் 5432 என்ற போர்ட்டில் காத்திருக்க வேண்டும். ஒரே கணினியில் ஓடும் பல சேவைகளைப் பிரித்தறியும் எண்தான் போர்ட். இரண்டு கணினிகளும் ஒரே அலுவலக நெட்வொர்க்கில் இருக்கின்றன.

இணைப்பு தொடங்குமுன் நம் கணினி ஒரு வேலை செய்தாக வேண்டும். ஐ.பி. முகவரி மட்டும் தெரிந்தால் பாக்கெட்டை அனுப்ப முடியாது. அந்த முகவரிக்குரிய நெட்வொர்க் கார்டின் எண்ணும் தெரிய வேண்டும். அதற்காக, வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடுவதுபோல, நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு கேள்வி போகும். இதை ஏ.ஆர்.பி. என்பார்கள். வயர்ஷார்க்கில் இப்படித் தெரியும்:

```
Who has 192.168.1.50? Tell 192.168.1.20
```

சர்வர் அணைந்து கிடந்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே வராது. லினக்ஸ் கணினி வழக்கமாக ஒரு நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடும். தரவுத்தளத்தை நோக்கி ஒரு பாக்கெட்கூடப் புறப்பட்டிருக்காது. மௌனம் முதல் படியிலேயே தொடங்கிவிட்டது.

சர்வர் உயிரோடு இருந்து ஃபயர்வால் மட்டும் மறித்தால் காட்சி வேறு. சாதாரண ஃபயர்வால் விதிகள் ஏ.ஆர்.பி.யைத் தொடுவதில்லை. அதனால் “அந்த முகவரி என்னுடையது” என்று சர்வர் உடனே பதில் சொல்லிவிடும். பிறகுதான் இணைப்பைக் கோரும் முதல் பாக்கெட்டான SYN கிளம்பும். அதை ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கினால், திரை இப்படி இருக்கும்:

```
51344 → 5432 [SYN]
[TCP Retransmission] 51344 → 5432 [SYN]
[TCP Retransmission] 51344 → 5432 [SYN]
```

நேரப் பத்தியைப் பாருங்கள். லினக்ஸின் பழைய கெர்னல்களில் வழக்கமாக இரண்டாவது SYN ஒரு நொடி கழித்தும், அடுத்தது மேலும் 2 நொடி கழித்தும், அதற்கடுத்தது 4 நொடி கழித்தும் போகும்; புதிய கெர்னல்களில் முதல் சில மறுமுயற்சிகள் ஒரு நொடி இடைவெளியிலேயே போகும். பிறகு இடைவெளி இரட்டித்துக்கொண்டே போய், கைவிடுவதற்கு 2 நிமிடங்களுக்கு மேல் ஆகலாம். ஏ.ஆர்.பி.க்குப் பதில், SYNக்கு மௌனம் என்றால் அங்கே ஒரு கணினி விழித்திருக்கிறது. போர்ட்டுக்கு முன்னால்தான் தடை.

இந்த வேறுபாட்டைத் தவறவிட வைக்கும் ஒரு பொறி வயர்ஷார்க்கின் வடிகட்டியிலேயே இருக்கிறது. எல்லோரும் முதலில் தட்டுவது `ip.addr == 192.168.1.50`. ஏ.ஆர்.பி. பாக்கெட்டில் ஐ.பி. தலைப்பு கிடையாது. எனவே இந்த வடிகட்டி நமக்குத் தேவையான சாட்சியையே மறைத்துவிடும். சர்வர் இறந்திருந்தால் திரை காலியாக இருக்கும். வயர்ஷார்க் வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம் வரும். இப்படித் தட்டுவதே நல்லது:

```
arp or icmp or tcp.port == 5432
```

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஏ.ஆர்.பி.யின் பதிலை நம் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். சர்வர் சற்று முன்புதான் அணைந்தது என்றால், பழைய நினைவை நம்பி SYN கிளம்பிவிடும். இறந்த கணினி மறிக்கப்பட்ட போர்ட்போலத் தோன்றும். லினக்ஸில் `sudo ip neigh flush dev eth0` என்று அந்த நினைவைத் துடைத்துவிட்டு (`eth0` இருக்கும் இடத்தில் உங்கள் கார்டின் பெயர்) மறுபடி பிடித்தால் உண்மை தெரியும். அதேபோல, ஏ.ஆர்.பி. மௌனம் என்றால் சர்வர் அணைந்துவிட்டது என்றே முடிவுகட்ட வேண்டாம். அந்த முகவரியில் யாரும் பதில் சொல்லவில்லை என்பதே அதன் பொருள். கேபிள் கழன்றிருக்கலாம்; சர்வர் மீண்டும் தொடங்கியபோது வேறு முகவரி பெற்றிருக்கலாம்.

மௌனத்துக்குப் பதிலாக மறுப்பு வருவதும் உண்டு. `[RST, ACK]` என்ற பாக்கெட் சர்வரின் முகவரியிலிருந்து உடனே திரும்பி வந்தால், பெரும்பாலும் கணினி நலம். அந்த போர்ட்டில் எந்த மென்பொருளும் காத்திருக்கவில்லை. ஃபயர்வாலை விட்டுவிட்டுத் தரவுத்தளம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிழைச் செய்தி நம்மை நேரடியாக ஏமாற்றும் இடமும் ஒன்று இருக்கிறது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். இறந்த சர்வரை லினக்ஸிலிருந்து அணுகினால் `No route to host` என்று வரும். சில ஃபயர்வால்கள் பாக்கெட்டை விழுங்காமல், “நிர்வாகம் அனுமதிக்கவில்லை” என்ற ஐ.சி.எம்.பி. பதிலைத் திருப்பி அனுப்பும். லினக்ஸ் அதையும் அதே `No route to host` என்றே மொழிபெயர்த்து மென்பொருளிடம் கொடுக்கிறது. முழு உயிரோடு இருக்கும் சர்வரைச் செத்துவிட்டது என்று நம்பவைக்கும் செய்தி இது. வயர்ஷார்க்கில் குழப்பமே இல்லை:

```
Destination unreachable (Host administratively prohibited)
```

இந்த வரியின் அனுப்புநர் பத்தியையும் பாருங்கள். அங்கே 192.168.1.50 என்றே இருந்தால் மறுப்பது சர்வரின் சொந்த ஃபயர்வால். இறந்த கணினி கடிதம் எழுதாது. வேறு முகவரி இருந்தால் வழியில் உள்ள ஒரு ரூட்டரோ ஃபயர்வாலோ பேசுகிறது. அந்த ரூட்டர் `Host unreachable` என்று எழுதியிருந்தால், சர்வரைத் தேடிப் பார்த்தும் தன்னால் எட்ட முடியவில்லை என்கிறது. அது இறந்த கணினிக்கான வலுவான அடையாளம்.

சர்வர் வேறு ஊரில், ரூட்டருக்கு அப்பால் இருந்தால் கணக்கு கடினமாகிறது. அப்போது நம் கணினி ஏ.ஆர்.பி.யில் விசாரிப்பது ரூட்டரை மட்டுமே. அது எப்போதும் பதில் சொல்லும். SYN போகும், மௌனம் திரும்பும். இறந்த சர்வரும் மறிக்கப்பட்ட போர்ட்டும் ஒரே மாதிரி தெரியும். அந்த ஒரு பிடிப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. வேறு சாட்சி தேட வேண்டும். 22, 443 போன்ற வேறு போர்ட்களைத் தட்டிப் பாருங்கள். எதிலாவது இணைப்பு கிடைத்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. RST வந்தாலும் நல்ல அறிகுறிதான். ஆனால் நடுவிலுள்ள ஃபயர்வால் சர்வரின் பெயரில் RST அனுப்புவதும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுசெய்ய வேண்டாம்.

சர்வர் பக்கத்தில் ஆள் இருந்தால் அங்கேயும் ஒரு பிடிப்பு எடுக்கச் சொல்லுங்கள்:

```
sudo tcpdump -ni eth0 tcp port 5432
```

லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட், கணினியின் சொந்த ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன்பே இந்தப் பிடிப்பில் விழுந்துவிடும். ஆகவே SYN அங்கே தெரிந்து, பதில் எதுவும் கிளம்பவில்லை என்றால் சர்வரின் ஃபயர்வாலையே முதலில் திறந்து பாருங்கள். பதில் கிளம்பியும் நம்மிடம் வரவில்லை என்றால் திரும்பும் வழியில் தடை. SYN அங்கே வந்து சேரவே இல்லை என்றால் போகும் வழியில் தடை. அதைச் சரிசெய்யக்கூடியவர் நடுவிலுள்ள நெட்வொர்க்கைக் கவனிப்பவர்தான்.