திரைச்சீலை விற்பனைக் குறிப்பில் அளவு எழுதும் முறை

திரைச்சீலையை விற்கும்போது "அகலம் 4 அடி, நீளம் 7 அடி" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த 4 அடி ஒரு சீலைக்கா, ஜோடிக்கா? துணியை விரித்து அளந்ததா, மடிப்போடு அளந்ததா? பெரும்பாலான தவறான ஆர்டர்கள் இங்கேதான் பிறக்கின்றன.

வாங்குபவர் அளக்க வேண்டியது ஜன்னலை அல்ல, கம்பியை. ஜன்னல் 5 அடி என்றாலும், கம்பி இருபுறமும் அரை அடி நீண்டு 6 அடி, அதாவது 72 அங்குலம் இருக்கலாம். வளையம் வைத்த சீலை அழகாக மடிய, கம்பியைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். இரண்டு மடங்கென்றால் 144 அங்குலம். 48 அங்குலச் சீலை மூன்று. இந்தக் கணக்கைக் குறிப்பிலேயே போட்டுக் காட்டுவது நல்லது.

நீளத்தில் வளையம்தான் ஏமாற்றும். வளையத்துக்கு மேலே துணி ஏறக்குறைய ஓர் அங்குலம் நிற்கும். கம்பியின் மேல்விளிம்பிலிருந்து தரை 83 அங்குலம் என்றால், 84 அங்குலச் சீலை தரையைத் தொட்டுவிடும். கம்பியை அரை அங்குலம் உயர்த்தினால் சரியாகும்.

ஜன்னல் குழிக்குள் பொருத்தும் சுருள் பிளைண்டுக்கு மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அகலம் அளந்து, மிகக் குறைந்ததைத் தர வேண்டும். தாங்கிகளுக்கான கழிவைத் தயாரிப்பாளரே கழிப்பாரா என்பதைக் குறிப்பு சொல்லியாக வேண்டும். இருவரும் கழித்தால் ஓரங்களில் வெளிச்சம் கசியும்.