சராசரி மறைக்கும் தாமதம்

ஒரு தளத்துக்கு வரும் 100 கோரிக்கைகளில் 94-க்கு 0.2 நொடியில் பதில் போகிறது. மீதி 6 பேர் 5 நொடி காத்திருக்கிறார்கள். சராசரி அரை நொடிக்கும் குறைவு! அதனால் கிராஃபனா பேனலில் சராசரியை நம்பாமல் 95-ஆம் சதமானத்தை வரையுங்கள். அது 5 நொடி என்று உண்மையைச் சொல்லிவிடும்.

பேனலில் 1 நொடியில் சிவப்புக் கோடு போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் கோடுதான், யாரையும் எழுப்பாது. எச்சரிக்கை விதியைத் தனியே எழுத வேண்டும். அதில் `Pending period` 5 நிமிடம் என்று வைத்தால், நொடிநேரத் தடுமாற்றத்துக்கெல்லாம் நள்ளிரவில் போன் அலறாது.

அன்றாடம் பார்க்க `Last 6 hours` போதும். 30 நாளை ஒரே திரையில் விரித்தால் புள்ளிகளின் இடைவெளி கூடி, பத்து நிமிடத் தாமதம் கண்ணில் படாமலே போகலாம். சந்தேகம் வந்தால் அந்த நேரத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.