தண்ணீர் ஊற்றிய சோறும் ஊற்றாத சோறும்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். அங்கே ஒரு வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு வடித்த சோற்றில் பாதியை மண்சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி அப்படியே குண்டானில் மூடி இருக்கிறது. காலையில் அதைத் தாளித்துப் பிள்ளைகளுக்கு டப்பாவில் கட்ட வேண்டும். பழைய சோற்றை யாரும் சூடு பண்ணப் போவதில்லை, தாளித்த சோறோ ஆவி பறக்க இறங்கும். ஆனாலும் இரண்டில் அதிகம் பயப்பட வேண்டியது சூடான சோற்றுக்குத்தான்.

நெல் வயலின் மண்ணில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. காலம் சரியில்லாதபோது அது தடித்த உறை போர்த்திய வித்தாகச் சுருங்கிவிடும். அரிசியோடு மூட்டைக்குள் வரும் அந்த வித்து, உலையில் கொதித்தும் சாகாது. கொதி மற்ற நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுவதால், சோறு ஆறத் தொடங்கும்போது வித்து போட்டியில்லாமல் முளைக்கிறது. நம் கோடை ராத்திரியின் முப்பது டிகிரி அதற்கு மிகவும் பிடித்த சூடு. ஒரு கிராம் சோற்றில் நூறு இருப்பதாகவும், அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பதாகவும் கணக்குப் போட்டால், முளைத்த ஐந்து மணி நேரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆளைப் படுக்க வைக்க அவ்வளவு போதும். சோறு ஊசி, நூல் விடுவதற்கு இன்னும் நேரம் இருக்கும். மோந்து பார்த்தால் நல்ல சோறாகவே தெரியும்.

பெருகும்போது அது செரியூலைடு என்ற நஞ்சைச் சோற்றில் விடலாம். வாணலியின் சூட்டில் நுண்ணுயிர் செத்துப்போகும், நஞ்சு அப்படியே இருக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் சிதையாத பொருள் அது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தபோதுதான் இந்த ஆபத்து பிடிபட்டது. ராத்திரி வேகவைத்த சோற்றைக் குவியலாக வெளியிலேயே விட்டு, மறுநாள் முட்டையோடு சற்று நேரம் வதக்கிக் கொடுத்திருந்தார்கள்.

மண்சட்டியில் நடப்பது வேறு. தண்ணீர் சோற்றின் சூட்டைச் சட்டென்று இறக்குகிறது. பருக்கைகள் மூழ்கிக் கிடப்பதால் காற்றும் குறைவு, செரியூலைடு உருவாகக் காற்று வேண்டும். அதற்குள் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகித் தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏற ஏறப் பேசில்லஸ் தளர்ந்துபோகும். இராயபுரத்துக்கு அருகே உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் பழைய சோற்றைக் குடல் நோய்க்கு ஆராய எடுத்துக்கொண்டதும் இந்த நல்ல நுண்ணுயிர்களுக்காகத்தான். நேற்று வைத்த மீன் குழம்பு தாக்குப் பிடிப்பதிலும் புளிக்குப் பங்கு உண்டு. தேங்காய் அரைத்து ஊற்றினால் அந்தக் குழம்பும் சீக்கிரம் கெடும்.

ஆனால் தண்ணீர் மந்திரமில்லை. புளிப்பு ஏற மணிக்கணக்காகும். நான்கைந்து மணி நேரம் குண்டானில் வெதுவெதுப்பாகக் கிடந்த சோற்றில் படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால், ஏற்கெனவே உண்டான நஞ்சு அதில் ஊறும், அவ்வளவுதான். ஆவி அடங்கியதுமே, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

தாளிக்க வேண்டிய சோற்றுக்கு ஆபத்து அதன் ஆழத்தில் இருக்கிறது. நிறைந்த குண்டானின் மேல்சோறு ஆறினாலும் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஒரு மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். குண்டானோடு உள்ளே தூக்கி வைத்தால் நடுப்பகுதி ஆறாது. மறுநாளே எடுத்து, முழுவதும் ஆவி வரச் சூடாக்கி, ஒரே வேளையில் தீர்த்துவிட வேண்டும். மின்சாரம் போனால், கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் போலக் குளிர் காக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்காக மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் அளவாக வடித்துச் சுடச்சுடச் சாப்பிடுவதுதான் வழி.

நஞ்சு உள்ளே போனால் அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் போதும். ஆனால் பெல்ஜியத்தில் 2008இல், ஐந்து நாள் வெளியில் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட இருபது வயது மாணவர் ஒரே ராத்திரியில் இறந்துபோனார். செரியூலைடு கல்லீரலையே தாக்கும். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். சோறு எத்தனை மணிக்கு வடித்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்ற இரண்டையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.