கவுந்தியின் வழியும் நெடுஞ்சாலையும்

சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் கூட்டிக்கொண்டு புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்படும் சமணத் துறவினி கவுந்தியடிகள் பிச்சைப் பாத்திரமும் தோளில் உறியும் கையில் மயிற்பீலியும் எடுத்துக்கொள்கிறார். பீலி, உட்காரும் இடத்தில் ஊர்வன நசுங்காமல் மெல்ல ஒதுக்குவதற்கு. புறப்படும் முன் அவர் வழியைப் பற்றிச் சொல்வதில் கள்வர் பயமோ காட்டு விலங்கோ பெரிதில்லை. சோலை வழியே போனால் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். வயல் வழியே போனால் கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் தேன் கலந்திருக்கும். தாகத்தில் கண்ணகி அதைக் குடித்துவிடலாம். வரப்பிலோ நண்டும் நத்தையும் மிதிபடும், அந்தப் பாவம் தாங்க முடியாதது என்கிறார். நாளுக்கு ஒரு காதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை.

சமணத்தில் கொல்லாமை என்பது புலால் மறுப்போடு நிற்பதில்லை. மண், நீர், நெருப்பு, காற்று, செடிகொடி எல்லாம் ஓரறிவுயிர்கள். இல்லறத்தாரால் அவற்றை முழுக்கக் காக்க முடியாது. ஆகவே அவர்கள் நடமாடும் உயிர்களை வேண்டுமென்று கொல்வதில்லை என்று நோன்பேற்று, மற்றவற்றில் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்கிறார்கள். துறவிக்கு அந்தச் சலுகை கிடையாது. கிழங்கை விலக்குவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. காய் பறித்தால் செடி பிழைத்திருக்கும், கிழங்கைப் பிடுங்கினால் செடியே போகும், மண்ணுக்குள் இருக்கும் சிற்றுயிர்களும் சாகும். அதோடு, ஒரு கிழங்கின் உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பதாகவும் அவர்கள் கொள்கிறார்கள்.

மதுரைப் புறத்தில் கோவலனுக்குச் சமைக்க ஆயர்மகளிர் கண்ணகியிடம் தரும் பொருள்களைப் பாருங்கள்: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால்படு பொருள். கிழங்கு ஒன்றுகூட இல்லை. கோவலன் சாவக நோன்பி, பகலில் உண்பவன் என்பதால் கலங்களை விரைந்து தரச் சொல்கிறாள், அவர்களுக்கு அடைக்கலம் தந்த மாதரி. விளக்கில் வந்து விழும் பூச்சிகளையும் கண்ணுக்குத் தெரியாமல் சோற்றில் சேர்ந்துவிடும் உயிர்களையும் எண்ணி வந்தது இந்த வழக்கம்.

இன்று அந்தச் சமையல் பட்டியலுக்கு ஊரே வளைந்து கொடுக்கிறது. பாவ் பாஜியில் உருளைக்குப் பதில் வாழைக்காய் சேர்க்கிறார்கள், குழம்பு வெங்காயம் பூண்டு இல்லாமல் கொதிக்கிறது. விமானச் சீட்டு எடுக்கும்போது VJML என்று குறித்துவிட்டால் சமண உணவு தனியாக வரும். பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும். வழிக்கென்று காக்ராவும் பொரியும் கட்டிக்கொண்டு ரயிலேறிய தலைமுறைக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் அந்த நான்கெழுத்து பார்ப்பது பொருளை மட்டுமே, பொழுதை அல்ல. டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்காலை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். ஏழு மணி விமானத்தில் கிழங்கின்றி வரும் அந்தத் தட்டை, இரவுணவு விலக்கியவர் தொட முடியாது. வீட்டிலோ விமான நிலையத்திலோ ஐந்தரைக்குள் அவர் உண்டு முடித்திருக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். கிணற்று நீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை அதே கிணற்றில் மெல்லத் திருப்பி விடுவது பழைய முறை. வடித்த நீரும் 48 நிமிடம் கடந்தால் மறுபடி வடிகட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் வந்தபின் திருப்பி விடக் கிணறு எங்கே? எதை உண்ணலாம் என்பது இன்று எளிதாகிவிட்டது. எப்போது, எப்படி என்பது ஒவ்வொருவர் மனக்கட்டுப்பாட்டுக்கே விடப்பட்டிருக்கிறது. என் பார்வையில் நோன்பின் கடினமான பாதி அதுதான்.

பயணத்தில் கதை நேர்மாறு. இல்லறத்தார் விமானத்தில் பறக்கலாம். ஆனாலும், எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு போவேன் என்று எல்லை கட்டிக்கொள்ளும் திசை நோன்பு அவர்களுக்கும் உண்டு. துறவிகளில் மிகப் பெரும்பாலோர் இன்றும் காலணியின்றி, சில முழத் தொலைவு தரையை நோக்கியபடி நடக்கிறார்கள். மண்ணில் உயிர் பெருகும் மழைக்கால நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிடுகிறார்கள். ஆச்சாரிய மகாசிரமணர் 2014-இல் தில்லியில் தொடங்கிய அகிம்சை யாத்திரை நேபாளம், பூட்டான் வரை நடந்தே போயிற்று. 2018 மழைக்காலத்தில் அவர் சென்னையில் தங்கினார். வெளிநாடுகளுக்கும் அறம் எட்ட வேண்டுமென்று 1980-இல் ஆச்சாரிய துளசி, வாகனத்தில் செல்ல இசைவுள்ள சமண-சமணி என்ற இடைநிலைப் பிரிவை உண்டாக்கினார். முழுத் துறவிக்கு அந்த இசைவை அவர் தரவில்லை.

கவுந்தி நடந்த வரப்பில் நண்டுக்குத்தான் ஆபத்து. இன்றைய நெடுஞ்சாலையில் ஆபத்து நடப்பவருக்கே. வெயிலுக்கு முன் ஊர் சேர விடியலை ஒட்டிப் புறப்படும் துறவிகளும் துறவினிகளும் வாகனம் மோதி இறந்திருக்கிறார்கள். உடன் ஒரு வண்டியோ ஒளிரும் உடை அணிந்த தொண்டரோ வரும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. அதிகாலையில் வண்டி ஓட்டுபவர்கள், சாலையோரம் வெள்ளாடையில் வரிசையாக நடப்பவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, விலகிப் போங்கள்.