ஒன்பதாவது பிட்

ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிக்கு ஏஎல்யூ என்று பெயர். அதன் சிறிய மாதிரி ஒன்றை விஹெச்டிஎல் மொழியில் எழுதிப் பார்க்கலாம். எட்டு பிட் எண்கள் இரண்டு, `a`, `b` என்று உள்ளே வரும். என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு பிட் கொண்ட `op` சொல்லும்: 00 வந்தால் கூட்டல், 01 வந்தால் கழித்தல், மற்ற இரண்டும் `and`, `or`. விடையுடன் நான்கு ஃப்ளாக்குகள் வெளியே வரும். பூஜ்யத்துக்கு `z`, குறை எண்ணுக்கு `n`, கேரிக்கு `c`, ஓவர்ஃப்ளோவுக்கு `v`.

கூட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. `a + b` என்று எழுதினால் விடையும் எட்டு பிட்டிலேயே நின்றுவிடும். 200-உடன் 100-ஐக் கூட்டினால் 300-க்குப் பதிலாக 44 வரும். சிமுலேட்டர் எச்சரிக்கையும் தராது. அதனால் கூட்டும் முன்பே இரு எண்களுக்கும் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கிறோம்.

```vhdl
s := (others => '0');
v <= '0';
case op is
  when "00" =>
    s := ('0' & a) + ('0' & b);
    v <= (a(7) xnor b(7))
         and (a(7) xor s(7));
  -- மற்ற செயல்கள்
end case;
y <= s(7 downto 0);
c <= s(8);
n <= s(7);
```

`s`-இன் ஒன்பதாவது பிட்தான் கேரி. `z`-ஐக் கணக்கிடும்போது மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது. 200-உம் 56-உம் சேர்ந்தால் 256. கீழ் எட்டு பிட்டும் பூஜ்யம், ஆகவே `z` 1 ஆக வேண்டும்.

கேரியும் ஓவர்ஃப்ளோவும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 100-உடன் 50-ஐக் கூட்டிப் பாருங்கள். 150 எட்டு பிட்டுக்குள் அடங்குகிறது, கேரி இல்லை. ஆனால் குறியுள்ள எண்ணாகப் படித்தால் எல்லை 127 வரைதான். அதே பிட்டுகள் −106 ஆகிவிடுகின்றன. இரண்டு மிகை எண்களைக் கூட்டிக் குறை எண் வந்தால் அது தவறு, `v` 1 ஆகிறது. முன்பு பார்த்த 200 + 100-இல் நிலைமை தலைகீழ். குறியோடு படித்தால் அது −56 + 100, விடை 44 சரியே. `c` 1, `v` 0. எந்த ஃப்ளாக்கைப் பார்ப்பது என்பதை, எண்ணைக் குறியோடு படிக்கிறோமா இல்லையா என்பதை அறிந்த புரோகிராம்தான் முடிவு செய்ய முடியும். ஏஎல்யூ இரண்டையும் தந்துவிடுகிறது.

கழித்தலுக்கு `v`-இன் சூத்திரம் மாறும்: அங்கே குறிகள் வேறுபட்டால்தான் ஆபத்து, ஆகவே முதல் `xnor` `xor` ஆகிறது.

தொடக்கத்தில் `v <= '0'` என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. அதை விட்டுவிட்டால் `and` செய்யும்போது `v`-க்கு மதிப்பே கொடுக்கப்படாது. பழைய மதிப்பைப் பிடித்துவைக்க மென்பொருள் ஒரு லாட்சைச் சேர்த்துவிடும். ஓவர்ஃப்ளோ ஆன கூட்டலுக்குப் பிறகு `and` செய்தும் `v` 1-லேயே நின்றால், இதுதான் நடந்திருக்கிறது.

எட்டு பிட் என்பதால் ஒன்றுவிடாமல் சோதிக்க முடியும். ஒரு செயலுக்கு 65,536 ஜோடிகள், நான்குக்கும் 2,62,144. டெஸ்ட்பெஞ்சில் இதே பிட் சூத்திரங்களைத் திரும்ப எழுதாமல், சாதாரண முழு எண்களால் கூட்டி, விடை −128-க்கும் 127-க்கும் வெளியே போகிறதா என்று பார்த்து `v`-உடன் ஒப்பிடுங்கள். சூத்திரத்தில் `xor` இருக்க வேண்டிய இடத்தில் `xnor` வந்திருந்தால் முதல் சில ஜோடிகளிலேயே அகப்பட்டுவிடும்.