பாதி வினாவுக்கு விடை இல்லை

'பின்வருவனவற்றுள் அடிப்படை உரிமை அல்லாதது எது?'

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த ஒரு வரி மட்டும் வருகிறது என்று வையுங்கள். கீழே இருந்த நான்கு விடைகள் விடுபட்டுவிட்டன. உடனே ஒருவர் 'சொத்துரிமை' என்கிறார். மற்றவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. ஆனால் வினாத்தாளில் சமத்துவ உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை, சமய உரிமை, வாக்குரிமை என்ற நான்கும் இருந்திருந்தால்? வாக்குரிமை அரசமைப்பின் மூன்றாம் பகுதியில் வராது. எனவே அதுதான் விடை. சொத்துரிமை அங்கே பேச்சிலேயே இல்லை.

'அல்லாதது எது' என்ற கேள்விக்கு வெளியே உள்ள எல்லாமே பொருந்தும். அந்தப் பெருங்கூட்டத்தை நான்காகச் சுருக்குபவை விடைகள்தாம். அவை வினாவுக்குப் பின்னால் ஒட்டிய வால் அல்ல, வினாவின் பாதி. 'இந்திய அரசமைப்பு எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது?' என்பது வேறு வகை. விடைகளை மறைத்தாலும் 1950 ஜனவரி 26 என்று எழுதிவிடலாம்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. விடைகளைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். பாடம் தெரிந்த இருவர் வெவ்வேறு விடை எழுதி, இரண்டுமே சரியாக இருக்க முடியுமானால், அந்த வினா இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. 'பின்வருவனவற்றுள்', 'கீழ்க்காணும் கூற்றுகளில்', 'மிகப் பொருத்தமானது' போன்ற சொற்களைக் கண்டாலே எச்சரிக்கை தேவை.

பத்தி விடுபட்ட வினா இன்னும் சிக்கலானது. குடிமைப் பணித் தேர்வின் இரண்டாம் தாளில், பத்தியை மட்டுமே வைத்து விடையளிக்க வேண்டும் என்று தெளிவாகவே அச்சிட்டிருப்பார்கள். 'நிலத்தடி நீர் குறைவதற்கு ஆசிரியர் கூறும் முதன்மைக் காரணம் என்ன?' என்று கேட்டால், நமக்குத் தெரிந்த காரணம் எத்தனை உண்மையானாலும் ஆசிரியர் சொன்னது வேறாக இருக்கலாம். நீரியல் படித்தவர்கூடப் பத்தியைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கொள்குறி வினாக்களில் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது தெரிவு உண்டு. அது முழு வினாவையும் படித்தவருக்கானது. பாதி வினாவைப் பெற்றவர் சொல்ல வேண்டியது வேறு: "அடிப்படை உரிமைகள் ஆறு. சமத்துவம், சுதந்திரம், சுரண்டலுக்கு எதிரானது, சமயம், பண்பாடும் கல்வியும், அரசமைப்புவழித் தீர்வு. இந்தப் பட்டியலில் வராததுதான் விடை. நான்கு விடைகளையும் படம் எடுத்து அனுப்புங்கள், எது என்று சொல்கிறேன்."

கேட்டவருக்கு அந்தப் பட்டியல் மிஞ்சும். விடைகள் எப்படி மாறி வந்தாலும் அதைக் கொண்டு அவரே கண்டுபிடித்துவிடுவார்.